நான்கு மாத டிவியில் செங்குத்துக் கோடுகள்: கடைக்கு வாரண்டி லெட்டர் எழுதுவது எப்படி?

கேள்வி: தீபாவளிக்குத் திருச்சியில் ஒரு கடையில் 43 இஞ்ச் 4கே டிவி வாங்கினேன். கம்பெனி ஆளே வந்து சுவரில் மாட்டிக்கொடுத்தார். நாலு மாசம்கூட ஆகல, திரையின் வலது பக்கம் மேலிருந்து கீழ் வரை கோடு கோடாக வருகிறது. கடையில் கேட்டால் "கம்பெனிக்குப் போன் பண்ணுங்க சார், எங்க கையில ஒண்ணும் இல்ல" என்கிறார்கள். வாரண்டியில் சரிசெய்து தரச் சொல்லி கடைக்கு லெட்டர் எழுத வேண்டும். எப்படி எழுதுவது? பேனல் போயிருந்தால் காசு கேட்பார்களா?

பதில்:

பேனல் தானாகப் பழுதாகியிருந்தால் வாரண்டிக்குள் காசு கேட்கக் கூடாது. ஆனால் அடிபட்டது, தண்ணீர் பட்டது என்று டெக்னீஷியன் எழுதிவிட்டால் கேட்பார்கள். ஒரு டிவியின் விலையில் பாதிக்கு மேல் பேனலிலேயே இருக்கிறது. பவர் போர்டையோ ரிமோட்டையோ மறுபேச்சில்லாமல் மாற்றிக்கொடுக்கும் கம்பெனிகூட பேனல் என்றதும் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிப்பதற்கு இதுதான் காரணம். அதனால் உங்கள் லெட்டர் வெறும் வேண்டுகோளாக இருந்தால் போதாது. பழுது என்றைக்கு வந்தது, எப்படி இருக்கிறது, டிவி எந்த நிலையில் இருக்கிறது என்பதையெல்லாம் டெக்னீஷியன் வீட்டுக்கு வருவதற்கு முன்பே எழுத்தில் பதிந்து வைக்கிற வேலையை அது செய்ய வேண்டும். டிவி சர்வீஸ் வேலையிலும், பிறகு நுகர்வோர் புகார்களுக்கு உதவுவதிலும் நான் பார்த்தவரை, இதை முதலிலேயே செய்தவர்கள் சீக்கிரம் தப்பித்திருக்கிறார்கள்.

முதலில் அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 4கே திரையில் இடமிருந்து வலமாக 3,840 புள்ளி வரிசைகள் இருக்கின்றன. ஒவ்வொரு வரிசைக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று. ஆக, மேலிருந்து கீழாக ஓடும் 11,520 நுண்ணிய கம்பிகளுக்குத் தனித்தனியாகச் சிக்னல் போக வேண்டும். அதைக் கொடுப்பவை, கண்ணாடியின் மேல் அல்லது கீழ் ஓரத்தில் வரிசையாக ஒட்டியிருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பட்டைகள். ஒவ்வொரு பட்டையிலும் ஒரு சிப் இருக்கும். சர்வீஸ்காரர்கள் இதை 'காஃப்' என்பார்கள். பட்டையைக் கண்ணாடியோடு சேர்ப்பது சால்டரிங் இல்லை. மின்சாரம் கடத்தும் துகள்கள் கலந்த ஒருவகைப் பசையை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு ஓரிடத்தில் விட்டுப்போனால் அந்தக் கம்பிக்குச் சிக்னல் போகாது. திரையில் அது மேலிருந்து கீழ் வரை ஒரே நேர்க்கோடாகத் தெரியும். ஒரு கம்பி மட்டும் போனால் முடி அளவுக்கு ஒரு நிறக்கோடு. ஒரு பட்டையே முழுதாகப் போனால் அகலமான பட்டை. 960 வழிகள் கொண்ட சிப் 12 சேர்ந்து ஒரு 4கே திரையை ஓட்டுவது சாதாரணமாகக் காணும் அமைப்பு. அப்படிப்பட்ட 43 இஞ்ச் டிவியில் ஒரு பட்டை போனால் ஏறக்குறைய 8 செ.மீ., அதாவது நான்கு விரல் அகலத்துக்குத் திரை வெளுத்தோ கறுத்தோ போகும்.

இந்த ஒட்டு விடுவதற்குத் தயாரிப்பில் நடந்த குறை ஒரு காரணம். புதிதில் நன்றாகத் தெரியும். டிவி தினமும் சூடாகி ஆறி, சூடாகி ஆறி, சில மாதங்களில் பலவீனமான இடம் விட்டுக்கொடுக்கும். உங்களுக்கு வந்திருக்கும் நேரம் இதற்குப் பொருந்தி வருகிறது. இப்படிப்பட்ட கோடு ஆரம்பத்தில் கண்ணாமூச்சி காட்டுவதும் உண்டு. டிவி போட்டவுடன் இருக்கும், அரை மணி நேரத்தில் மறையும். அல்லது முதலில் இருக்காது, சூடான பிறகு வரும். டெக்னீஷியன் வருகிற நேரத்தில் கோடு காணாமல் போய், "டிவி நல்லாத்தான் இருக்கு" என்று எழுதிவிட்டுப் போன கதைகள் நிறைய உண்டு.

எனவே இன்றைக்கே மூன்று விஷயங்களைச் சோதித்துப் பாருங்கள். ஒன்று, செட்டாப் பாக்ஸின் எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த மெனுவைத் திறங்கள். மெனு எழுத்துகளின் மேலேயும் கோடு ஓடினால் பழுது டிவிக்குள் இருக்கிறது. கேபிள்காரரையோ பாக்ஸையோ குறை சொல்ல வழியில்லை. இரண்டு, டிவியை அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டு, கம்பெனி லோகோ வரும்போது பாருங்கள். அங்கேயும் கோடு இருந்தால் ஆப், இன்டர்நெட், சாஃப்ட்வேர் அப்டேட் என்ற பேச்சுக்குப் பெரும்பாலும் வேலையில்லை. மூன்றாவதுதான் முக்கியம். டிவியை அணைத்து, அறை விளக்கையும் அணைத்து, மொபைல் டார்ச்சைத் திரைக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்து நான்கு ஓரங்களையும் மூலைகளையும் மெதுவாகப் பாருங்கள். அடிபட்ட திரையில் ஒரு புள்ளி இருக்கும். அந்தப் புள்ளியிலிருந்து சிலந்தி வலை மாதிரி விரிசல் கிளம்பும், மை கொட்டியது போல ஒரு கறுப்புத் திட்டு இருக்கும், கோடுகள் நெடுக்காக மட்டும் இல்லாமல் குறுக்காகவும் போகும். அப்படி எதுவும் இல்லாமல், சுத்தமான கண்ணாடியில் நேர்க்கோடுகள் மட்டும் என்றால் உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. கோடு மறைகிறதா என்று பார்க்க ஓரத்தைக் கையால் அழுத்த வேண்டாம். சிலர் அப்படிச் செய்து இருந்த ஒட்டையும் கெடுத்துவிடுகிறார்கள்.

சோதிக்கும்போதே எல்லாவற்றையும் மொபைலில் படம் எடுத்துவிடுங்கள். முழுத்திரை தெரிய ஒன்று, கோடு இருக்கும் இடம் அருகிலிருந்து ஒன்று, மெனுவின் மேல் கோடு ஓடுவது ஒன்று, டார்ச் வெளிச்சத்தில் விரிசல் இல்லாத ஓரங்கள் நான்கு. லோகோவிலிருந்து ஒரு நிமிட வீடியோவும் இருக்கட்டும். டிவியிலேயே எடுக்கும் ஸ்கிரீன்ஷாட் இதற்கு உதவாது. பழுது கண்ணாடி ஓரத்தில் இருப்பதால் ஸ்கிரீன்ஷாட்டில் கோடு விழாது. டிவியின் பின்னால் ஒட்டியிருக்கும் சீரியல் நம்பர் ஸ்டிக்கரையும் படமெடுங்கள். சுவரில் மாட்டியிருப்பதால் எட்டாது என்றால், மெனுவில் டிவியைப் பற்றிய தகவல் பக்கத்தில் அதே நம்பர் இருக்கும்.

இன்னொரு விஷயத்தை உங்களுக்குள் நேர்மையாகக் கேட்டுக்கொள்ளுங்கள். டிவியைத் துடைக்கும்போது யாராவது கண்ணாடி துடைக்கும் திரவத்தை நேராகத் திரையில் அடித்தார்களா? பக்கத்தில் கொசு மருந்தோ கரப்பான் மருந்தோ அடித்தார்களா? திரையில் அடித்த திரவம் வழிந்து கீழ் ஓரச் சட்டத்துக்குள் இறங்கும். கீழே பட்டைகள் ஒட்டியிருக்கும் மாடலில் அது நேரே அவற்றின் மேல் போய் உட்காரும். பிறகு செம்பு அரித்து, பச்சை பூத்து, அதே மாதிரி நேர்க்கோடுகள் வரும். டெக்னீஷியன் பின்மூடியைக் கழற்றியதும் முதலில் தேடுவது இந்தக் கறையைத்தான். அப்படி நடந்திருந்தால் லெட்டரில் "எந்தத் திரவமும் படவில்லை" என்று எழுதாதீர்கள். பொய்யென்று தெரிந்த ஒரு வரி மற்ற வரிகளையும் கெடுத்துவிடும். நடக்கவில்லை என்றால் தெளிவாக எழுதுங்கள். கீழே உள்ள லெட்டர், நடக்கவில்லை என்ற நிலைக்கு எழுதியது.

வெளி மெக்கானிக் யாரையும் மட்டும் கூப்பிட்டுவிடாதீர்கள். பட்டையைத் திரும்ப ஒட்டிக்கொடுக்கும் பாண்டிங் மெஷின் வைத்திருக்கும் கடைகள் இப்போது பல ஊர்களில் உண்டு, செலவும் பேனல் விலையைவிடக் குறைவுதான். வாரண்டி முடிந்த டிவிக்கு அது நல்ல வழி. வாரண்டி உள்ள டிவியை வெளியாள் திறந்தால் கம்பெனிக்கு மறுப்பதற்கு வேறு காரணமே தேவையில்லை.

அடுத்தது பில். கையில் இருப்பது ஜிஎஸ்டி எண் அச்சிட்ட வரி பில்தானா, இல்லை 'எஸ்டிமேட்' என்று போட்ட துண்டுச் சீட்டா என்று பாருங்கள். தீபாவளிக் கூட்டத்தில் சில கடைகள் எஸ்டிமேட்டைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். கம்பெனி சர்வீஸ் சென்டர் அதை ஏற்காது. அப்படியென்றால் லெட்டருக்கு முன்னால் கடையில் வரி பில்லைக் கேட்டு வாங்குங்கள். விற்ற பொருளுக்கு பில் தர மறுப்பது 2019 ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முறையற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகவே சேர்க்கப்பட்டிருக்கிறது. வாரண்டி கார்டில் கடை சீல் இல்லையென்றால் பதற வேண்டாம், வரி பில்லும் சீரியல் நம்பரும் ஒத்துப்போனால் பெரும்பாலும் அதுவே போதும். பில்லில் உள்ள சீரியல் நம்பரும் டிவியில் உள்ளதும் ஒன்றுதானா என்பதை மட்டும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் அதைத் திருத்திக்கொடுக்க வேண்டியது கடைதான், இந்த லெட்டரிலேயே அதையும் கேட்டுவிடலாம்.

கடைக்காரர் சொன்னது பாதி சரி. வாரண்டி கொடுப்பது கம்பெனி, வந்து பார்ப்பதும் கம்பெனியின் ஆள்தான். ஆனால் காசை வாங்கியது கடை. உங்களுக்கும் கடைக்கும்தான் நேரடி விற்பனை ஒப்பந்தம். பிறகு நுகர்வோர் ஆணையம் வரை போனால் கடையையும் கம்பெனியையும் சேர்த்தே எதிர்த்தரப்பாகப் போடுவார்கள். தயாரிப்புக் குறை என்றால் பெரும்பாலும் பொறுப்பு கம்பெனி மேல் விழும், சில வழக்குகளில் கடையும் சேர்ந்தே ஏற்க வேண்டிவரும். இது கடைக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கம்பெனியின் ஏரியா விற்பனை ஆள் அவர்களுக்கு வாரம் தவறாமல் போன் செய்கிறவர். கடை நினைத்தால் ஒரு போனில் நகர்த்தக்கூடிய காரியம் இது. எழுத்தில் கேட்கும்போதுதான் அந்தப் போனைச் செய்வார்கள். ஆகவே முதலில் கம்பெனி எண்ணுக்குப் போன் செய்து புகாரைப் பதிந்து புகார் எண்ணை வாங்குங்கள். வாங்கிவிட்டு லெட்டரைக் கடைக்கு எழுதி, நகலைக் கம்பெனிக்கு அனுப்புங்கள். புகார் எண் இல்லாமல் எழுதினால் "முதலில் புகார் பதிவு செய்யுங்கள்" என்ற ஒரு வரி பதில்தான் வரும்.

உங்கள் விவரத்தை வைத்து எழுதிப் பார்க்கிறேன். தேதிகளை உங்களுடையதற்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுப்புநர்
(உங்கள் பெயர்)
(வீட்டு முகவரி, பின்கோடு)
கைபேசி: (பில்லில் உள்ள அதே எண்)

பெறுநர்
உரிமையாளர் / மேலாளர் அவர்கள்,
(பில்லில் அச்சிட்டுள்ளபடியே கடையின் பெயர், முகவரி)
திருச்சிராப்பள்ளி

நகல்: (தயாரிப்பு நிறுவனம்), வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

நாள்: 16.02.2026

பொருள்: வாரண்டிக் காலத்தில் உள்ள 43 இஞ்ச் டிவியின் திரையில் செங்குத்துக் கோடுகள் – கட்டணமின்றிச் சரிசெய்து தரக் கோருவது தொடர்பாக.

பார்வை: பில் எண் ........, நாள் 18.10.2025. மாடல் ........, சீரியல் எண் ......... நிறுவனப் புகார் எண் ........, நாள் 09.02.2026.

ஐயா,

தங்கள் கடையில் மேற்கண்ட டிவியை 18.10.2025 அன்று ரூ. 28,500 செலுத்தி வாங்கினேன். 19.10.2025 அன்று நிறுவனத்தின் இன்ஸ்டலேஷன் பணியாளர் என் வீட்டுக்கு வந்து அதைச் சுவரில் பொருத்தி, இயக்கிக் காட்டினார். அப்போது திரையில் எந்தக் குறையும் இல்லை. அதன் பிறகு டிவி அந்த இடத்திலிருந்து கழற்றப்படவோ நகர்த்தப்படவோ இல்லை.

08.02.2026 அன்று மாலை டிவி ஓடிக்கொண்டிருந்தபோது, திரையின் வலது ஓரத்திலிருந்து சுமார் 20 செ.மீ. தள்ளி, மேலிருந்து கீழ் வரை மெல்லிய செங்குத்துக் கோடுகள் மூன்று தோன்றின. ஒரு வாரத்தில் அவற்றை ஒட்டிச் சுமார் 8 செ.மீ. அகலத்துக்குத் திரை வெளிறிவிட்டது. செட்டாப் பாக்ஸைக் கழற்றிய பிறகும், டிவியின் மெனுவிலும், தொடக்கத்தில் லோகோ வரும்போதும் கோடுகள் அப்படியே உள்ளன. கண்ணாடியில் விரிசலோ அடிபட்ட தடமோ இல்லை. டிவியின் மேல் திரவம் எதுவும் படவில்லை. வெளியாள் எவரும் டிவியைத் திறக்கவில்லை. இவற்றைக் காட்டும் புகைப்படங்களை இணைத்துள்ளேன். வீடியோவை இன்று தங்கள் கடையின் வாட்ஸ்அப் எண்ணுக்கு அனுப்பியுள்ளேன்.

09.02.2026 அன்று தங்கள் கடைக்கு நேரில் வந்து தெரிவித்தேன். நிறுவனத்தைத் தொடர்புகொள்ளுமாறு கூறினீர்கள். அன்றே நிறுவனத்தில் புகார் பதிவு செய்தேன். இதுவரை எவரும் வந்து பார்க்கவில்லை.

வாரண்டிக் காலம் 17.10.2026 வரை உள்ளது. எனவே 23.02.2026க்குள் டெக்னீஷியன் வந்து பார்க்கவும், 03.03.2026க்குள் பழுதைக் கட்டணமின்றிச் சரிசெய்து தரவும், பேனல் மாற்ற வேண்டியிருந்தால் புதிய பேனல் பொருத்தித் தரவும் தாங்கள் நிறுவனத்துடன் பேசி ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். சரிசெய்ய இயலாது என்றால் அதே மாடலில் அல்லது அதற்கு இணையான மாடலில் புதிய டிவி தரவும், அதுவும் இயலாது என்றால் செலுத்திய முழுத் தொகையைத் திருப்பித் தரவும் வேண்டுகிறேன். வாரண்டியை மறுப்பதாக இருந்தால், மறுப்புக்கான காரணத்தைப் புகைப்பட ஆதாரத்துடன் எழுத்தில் தெரிவிக்கவும்.

மேற்கண்ட தேதிக்குள் தீர்வு கிடைக்காவிட்டால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019 இன்படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தை அணுக வேண்டியிருக்கும் என்பதையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)

இணைப்பு: பில் நகல், வாரண்டி கார்டு நகல், சீரியல் எண் ஸ்டிக்கர் படம், திரையின் புகைப்படங்கள் 7.

இதில் சில வரிகளை வேண்டுமென்றே அப்படி எழுதியிருக்கிறேன். "டிவி ஓடிக்கொண்டிருந்தபோது தோன்றின" என்பது கோடு யார் கையும் படாமல் வந்தது என்பதைச் சொல்கிறது. இன்ஸ்டலேஷன் ஆள் மாட்டியதையும், அதற்குப் பிறகு டிவி நகரவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால், இடித்தது, கீழே போட்டது, வண்டியில் கொண்டுபோனது என்ற வாதத்துக்கு இடம் குறைகிறது. உங்கள் கேள்வியிலேயே எனக்கு மிகவும் பிடித்த தகவல் அந்த இன்ஸ்டலேஷன்தான். அதற்கான எஸ்எம்எஸ் உங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். கோட்டை செ.மீ. கணக்கில் எழுதியதற்கும் காரணம் உண்டு. "திரை சரியில்லை" என்று எழுதினால், நாளைக்கு வேறொரு பழுதைச் சரிசெய்துவிட்டு வேலை முடிந்தது என்பார்கள். ஒரு ஸ்கேலை வைத்து அளந்து உங்கள் எண்ணை எழுதுங்கள்.

மறுப்பை எழுத்தில் கேட்கும் வரியை எந்தக் காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வாயால் மறுப்பது சுலபம். "அடிபட்டிருக்கிறது" என்று எழுதி, எங்கே அடிபட்டது என்று படமும் கொடுக்க வேண்டும் என்றால் கொஞ்சம் யோசிப்பார்கள். அதேபோல, கடைசிச் சட்ட வரி ஒன்று போதும். ஆரம்பத்திலிருந்தே பிரிவு எண்களாக அடுக்கினால் கடைக்காரர் லெட்டரை எடுத்துக் கணக்குப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். நமக்கு வேண்டியது அவர் கம்பெனிக்குப் போன் செய்வது.

லெட்டரை நேரில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் என் விருப்பம். இரண்டு பிரதி எடுங்கள். ஒன்றைக் கொடுத்துவிட்டு, மற்றதில் "பெற்றுக்கொண்டேன்" என்று தேதி போட்டுக் கையெழுத்தும் சீலும் வாங்குங்கள். போட மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம், நேராகத் தபால் நிலையத்துக்குப் போய் அதே லெட்டரை ஸ்பீடு போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்பிவிடுங்கள். கம்பெனிக்கான நகலை மின்னஞ்சலில் அனுப்பி, பொருள் வரியில் புகார் எண்ணைப் போடுங்கள். வாட்ஸ்அப்பில் கடைக்கு அனுப்பிய படங்களையும் அவர்கள் பதிலையும் அப்படியே வைத்திருங்கள். பழுதை வாரண்டிக் காலத்துக்குள் தெரிவித்தீர்கள் என்பதற்கு இவைதான் சாட்சி. அவர்கள் இழுத்தடித்து வாரண்டி தேதி தாண்டினாலும் உங்கள் கோரிக்கை செத்துப்போகாது.

அப்புறம் டெக்னீஷியன் வருகிற நாள். பொதுவாகக் காரியம் கெடுவது அன்றைக்குத்தான். அவர் வந்ததும் முதலில் டிவியைப் போட்டுக் கோட்டைக் காட்டுங்கள். பின்மூடியைக் கழற்றுவதற்கு முன்னால், டிவி சுவரில் இருக்கும்போதே, கண்ணாடியில் விரிசல் இல்லை என்பதை அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். கழற்றி இறக்கும்போது நீங்கள் பக்கத்தில் நின்று வீடியோ எடுங்கள். இதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, "எனக்காக எடுத்து வெச்சுக்கிறேன் தம்பி" என்றால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மெல்லிய பேனல், இறக்கும்போது ஒரு மூலை தட்டினாலும் உடையும். அப்படி உடைந்தால் அது யார் கையில் உடைந்தது என்று வீடியோதான் சொல்லும்.

வேலை முடிந்ததும் ஜாப் ஷீட் என்று ஒன்றில் கையெழுத்துக் கேட்பார், அல்லது போனுக்கு ஓடிபி வரும், அதைச் சொல்லச் சொல்வார். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காமல் கையெழுத்தோ ஓடிபியோ கொடுக்காதீர்கள். சில சமயம் பார்த்துவிட்டுப் போவதற்கே ஓடிபி வாங்கி, புகாரை "தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுகிறார்கள். ஷீட்டில் "பேனல் பழுது, விரிசல் இல்லை" என்று அவர் கையால் எழுதியிருந்தால் உங்களுக்கு அதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம். தயாரிப்புக் குறை என்று சொல்கிறவர்தான் அதைக் காட்ட வேண்டும் என்று நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் கேட்டிருக்கின்றன. கம்பெனி ஆளே எழுதிக்கொடுத்த சீட்டு அந்த இடத்தில் நிற்கும். மாறாக அவர் "பிசிக்கல் டேமேஜ்" என்று எழுதியிருந்தால், அதற்குக் கீழேயே "இதை நான் ஏற்கவில்லை, விரிசல் எங்கே என்று காட்டப்படவில்லை" என்று எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

மறுப்புக்கு அவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் வோல்டேஜ். ஸ்டெபிலைசர் இல்லை, கரண்ட் ஏறி இறங்கியதால் கோடு வந்தது என்பார்கள். இப்போதைய டிவிகளில் பெரும்பாலானவை 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் பவர் சப்ளையோடுதான் வருகின்றன. பின்னால் உள்ள ஸ்டிக்கரிலேயே அச்சிட்டிருக்கும், படித்துப் பாருங்கள். வோல்டேஜ் எகிறினால் முதலில் சாகிறது பவர் போர்டு. டிவியே போடாது, அல்லது விளக்கு மட்டும் சிமிட்டும். மற்றதெல்லாம் ஒழுங்காக ஓடி, திரையின் ஒரு பகுதியில் மட்டும் நேர்க்கோடு வந்தால் அதை வோல்டேஜ் மேல் போடுவது பொருந்தாது. "பவர் போர்டு நன்றாக இருக்கிறதே, அப்புறம் எப்படி?" என்று கேளுங்கள், அந்தக் கேள்வியையும் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். இடி விழுந்த அன்று வந்த பழுது என்றால் நிலைமை வேறு. அதற்கு வாரண்டி கிடைக்காது, நாமும் கேட்க முடியாது.

திரவக் கறை என்று சொன்னால், கறையைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். உண்மையில் பட்டிருந்தால் பட்டையின் மேல் வெள்ளையோ பச்சையோ பூத்திருக்கும், பக்கத்துச் சட்டத்தில் வழிந்த தடமும் இருக்கும். பட்டைகள் மேல் ஓரத்தில் இருக்கும் மாடலில், சுவரில் மாட்டிய டிவிக்குத் துடைத்த திரவம் மேல்நோக்கி ஏறாது. எந்த ஓரத்தில் இருக்கிறது என்பது மூடியைக் கழற்றியதும் உங்களுக்கே தெரிந்துவிடும், அதையும் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

கேட்ட தேதி தாண்டியும் பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யுங்கள், தமிழிலேயே பேசலாம். புகாரைக் கம்பெனியின் தனிப் பிரிவுக்கு அனுப்புவார்கள். சாதாரண வாடிக்கையாளர் எண்ணில் நகராத பல புகார்கள் அங்கிருந்து போனதும் நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கடையோ கம்பெனியோ எங்கே இருந்தாலும் சரி. பொருளின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அப்போது முதல் இணைப்பாக வைக்கப்போவது இந்த லெட்டரையும் கடை சீல் போட்ட அதன் நகலையும்தான். ஆனால் வழக்கு மாதக்கணக்கில் இழுக்கும். 28,500 ரூபாய் டிவிக்கு அதுவரை போகாமல் முடிப்பதே நல்லது, பெரும்பாலும் முடிந்தும்விடுகிறது.

கடைசியாக, கம்பெனி இறங்கிவந்த பிறகு நடக்கும் பேரம். "அந்த மாடலுக்குப் பேனல் ஸ்டாக் இல்லை, தேய்மானம் கழித்துக்கொண்டு பணம் தருகிறோம்" என்றோ, "வித்தியாசத் தொகை கட்டினால் வேறு மாடல் தருகிறோம்" என்றோ போன் வரலாம். வாரண்டி முடிந்த டிவிக்குத் தேய்மானம் பேசுவதில் ஒரு நியாயம் இருக்கிறது. நான்கு மாத டிவியில், வாரண்டி நடப்பில் இருக்கும்போது, உதிரி இல்லாதது உங்கள் குற்றம் இல்லை. என்னைக் கேட்டால் ஏற்க வேண்டாம் என்பேன். வாரண்டி கார்டின் சின்ன எழுத்துகளில் அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, இல்லையென்றால் "எந்த விதிப்படி கழிக்கிறீர்கள், மின்னஞ்சலில் அனுப்புங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள்.

பேனலே மாற்றிக்கொடுத்தால், அது புதியதா, சரிசெய்து அனுப்பியதா என்பதையும், அதன் சீரியல் எண்ணையும் ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். மாற்றிய பாகத்துக்குப் பெரும்பாலும் மிச்சமுள்ள வாரண்டிதான் ஓடும். சில கம்பெனிகள் பாகத்துக்கென்று குறைந்தபட்ச நாட்கள் தருகின்றன. உங்களுக்கு அக்டோபர் வரை இருக்கிறது. பொருத்திய அன்றே வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று முழு நிறப் படங்களை ஒவ்வொன்றாகத் திரையில் போட்டு, ஒரு மணி நேரமாவது ஓடவிட்டு, டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன்னாலேயே ஓரங்களைப் பார்த்துவிடுங்கள். அதன் பிறகு ஓடிபியைச் சொல்லலாம்.